கொட்டேஷன் போயாச்சு, பதில் இல்லை

கோவை குறிச்சி சிட்கோவில் ஒரு சின்னப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஆறு சி.என்.சி. மெஷின்கள், ஒரு பழைய 10 ஹெச்.பி. பிஸ்டன் கம்ப்ரசர். மதியத்துக்கு மேல் ஆறு மெஷினும் ஒன்றாக ஓடி, ஆட்கள் ஏர் கன்னால் பிசிறு ஊதவும் ஆரம்பித்தால் லைனில் காற்றழுத்தம் இறங்கிவிடும். ஏதாவது ஒரு மெஷினில் அலாரம் அடித்து வேலை நிற்கும். முதலாளி புது கம்ப்ரசர் வாங்க நினைத்து ஒரு விற்பனையாளரைக் கூப்பிடுகிறார். அவர் வந்து பார்த்து, அளந்து, 15 ஹெச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசருக்கு ஜனவரி 5, திங்கள்கிழமை கொட்டேஷன் கொடுக்கிறார். விலை 3,40,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 61,200, மொத்தம் 4,01,200. பாதி அட்வான்ஸ், மீதி மெஷின் கிளம்பும் முன். மூன்று வாரத்தில் டெலிவரி. கொட்டேஷன் 15 நாளைக்குச் செல்லும்.

“நல்லதுங்க, பாத்துட்டுச் சொல்றனுங்க” என்கிறார் முதலாளி. அவ்வளவுதான். இரண்டு வாரம் ஓடிவிடுகிறது. போன் இல்லை, மெயில் இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் மட்டும் இருக்கிறது.

விலையும் ஆட்களும் நான் உதாரணத்துக்காக வைத்தவை. நிலைமை மட்டும் கம்ப்ரசர் விற்பவர், மாடுலர் கிச்சன் போடுபவர், கேட்டரிங் எடுப்பவர், சாஃப்ட்வேர் எழுதித் தருபவர் எல்லோருக்கும் ஒன்றுதான். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘தொந்தரவு செய்ய வேண்டாம், வேணும்னா அவரே கூப்பிடுவார்’ என்று காத்திருப்பது ஒன்று. “சார், கொட்டேஷன் என்னாச்சு?” என்று ஒரு வரி தட்டிவிடுவது இன்னொன்று. முதலாவதில் எதுவும் நடக்காது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். இரண்டாவது ஏன் வேலை செய்வதில்லை என்பதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

“என்னாச்சு?” என்ற கேள்வி ஒரு முடிவைக் கேட்கிறது. அவரிடம் இன்னும் முடிவு இல்லை. ‘இன்னும் பார்க்கவில்லை’ என்று சொன்னால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று தோன்றும். ‘வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்ல நம் ஆட்களுக்கு மனசு வராது, அதுவும் நேரில் வந்து டீ குடித்துப் பேசிவிட்டுப் போனவரிடம். ‘வாங்கறேன்’ என்று சொல்லவும் முடியாது. சொல்ல ஒன்றும் இல்லாதபோது மெசேஜைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவதுதான் எளிது. நாளாக ஆக, பதில் போடாமல் விட்டோமே என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த மெசேஜுக்குப் பதில் போடுவது இன்னும் கஷ்டமாகிறது.

அதனால் 14-ஆம் நாள் அனுப்பும் மெசேஜின் வேலை ஆர்டர் வாங்குவதல்ல. அந்தக் காகிதம் இப்போது எங்கே, யாரிடம் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதும், அங்கிருந்து அதை ஒரு அடி நகர்த்துவதும்தான்.

காகிதம் எங்கே நிற்கிறது

முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஜனவரி 5 என்றால் மார்கழி. மார்கழியில் புது மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்க விரும்பாத முதலாளிகள் கொங்கு நாட்டில் நிறைய உண்டு. தை பிறக்கட்டும் என்பார்கள். நடுவில் போகியும் பொங்கலும் வந்துவிடுகின்றன. ஊருக்குப் போன ஆட்கள் எல்லோரும் பொங்கல் முடிந்த மறுநாளே திரும்பிவிடுவதும் இல்லை. அந்த இரண்டு வாரத்தில் பட்டறை முழுசாக ஓடியது ஏழெட்டு நாள்தான். விற்பவருக்கு இரண்டு வாரமாகத் தெரிவது வாங்குபவருக்கு ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேலான வேலை நாள்தான். எதிராளியின் நாட்களை எண்ணிப் பார்த்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

அடுத்து, ஆட்கள். சின்னப் பட்டறைதானே, முதலாளி ஒருவர்தானே முடிவு எடுப்பார் என்று தோன்றும். அப்படி இருப்பது அபூர்வம். பணத்தைப் பார்ப்பது தம்பியாகவோ மனைவியாகவோ இருக்கும். நான்கு லட்ச ரூபாய் செலவு என்றால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். மார்ச் 31-க்குள் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட மெஷினுக்கு அந்த வருடம் பாதி தேய்மானம்தான் கழிக்க முடியும் என்பது வருமான வரி விதி. “அவசரம் இல்லேன்னா ஏப்ரல்ல வாங்கிக்கலாமே” என்று ஆடிட்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடன் வாங்கி எடுப்பதாக இருந்தால் கொட்டேஷன் பேங்கிலோ டிக் அலுவலகத்திலோ ஃபைலுக்குள் இருக்கும். மெஷினைத் தினமும் ஓட்டப்போகும் சூப்பர்வைசருக்கும், ஒயர் இழுக்கப்போகும் எலக்ட்ரீசியனுக்கும் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். விற்பவர் பேசியது ஒருவரிடம். காகிதமோ அவர் பார்த்தே இராத நான்கு பேர் கையில் சுற்றுகிறது. அந்த நான்கு பேருக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர் முதலாளி. அவருக்குக் கம்ப்ரசர் பற்றித் தெரிந்ததெல்லாம் விற்பவர் அரைமணி நேரம் சொன்னதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் எழுதும் விதமே மாறும். மெசேஜ் முதலாளிக்குப் போகிறது. ஆனால் தம்பியோ எலக்ட்ரீசியனோ கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்ல உதவுவதாக அது இருக்க வேண்டும்.

முதல் மெசேஜ்

எழுதும் முன் தன் பக்கத்தைச் சரிபார்ப்பது நல்லது. மெயில் உண்மையிலேயே போனதா, பெரிய பி.டி.எஃப். என்பதால் ஸ்பேமில் விழுந்ததா, ஜி.எஸ்.டி. எண்ணும் நிறுவனத்தின் பெயரும் சரியாக இருக்கிறதா, அன்று அவர் கேட்ட ஏதாவது ஒன்று விட்டுப்போனதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது நான் அடிக்கடி பார்க்கும் குறை. அவர் பேச்சோடு பேச்சாக “டிரையரும் சேர்த்துப் போடுங்க” என்று சொல்லியிருப்பார். கொட்டேஷனில் டிரையர் இருக்காது. அதைக் கேட்டு எழுதுவதற்குப் பதில் அவர் பேசாமல் இருந்துவிடுவார்.

எல்லாம் சரி என்றால், 19-ஆம் தேதி திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் இப்படி ஒரு மெசேஜ் போகலாம்:

“வணக்கம்ங்க சார். பொங்கல் நல்லபடியா முடிஞ்சுதுங்களா? 5-ஆம் தேதி கொடுத்த 15 ஹெச்.பி. கம்ப்ரசர் கொட்டேஷன் சம்பந்தமா எழுதறேன். மதியம் ஆறு மெஷினும் ஓடும்போது பிரஷர் இறங்குதுன்னு சொன்னீங்க. அதுல லைன் கசிவு எவ்வளவு, கம்ப்ரசர் பத்தாதது எவ்வளவுன்னு நீங்களே கண்டுபிடிக்க ஒரு சின்ன டெஸ்ட் கீழே எழுதியிருக்கேன், சாப்பாட்டு நேரத்துல செஞ்சிடலாம். கொட்டேஷன் தேதி நாளையோட முடியுது, விலை மாறலை, வேணும்னா புதுத் தேதி போட்டுத் தர்றேன். இப்ப அது உங்ககிட்டயே இருக்குங்களா, தம்பி பார்க்கறாருங்களா, ஆடிட்டர்கிட்ட போயிருக்குங்களா? இதை மட்டும் சொன்னீங்கன்னா போதுமுங்க.”

இதில் அவருடைய சொந்தக் குறை முதலில் வருகிறது. ‘எங்கள் கம்ப்ரசர் உலகத்தரம்’ என்பது அவருக்குப் பழைய செய்தி. மதியம் அலாரம் அடிப்பது இன்றைக்கும் நடக்கிற செய்தி. பொங்கல் விடுமுறைக்குப் பின் மெஷின்கள் ஓட ஆரம்பித்த அன்றே அதை ஞாபகப்படுத்துவது சரியான நேரம்.

கேள்வியும் முடிவைக் கேட்கவில்லை. இடத்தைக் கேட்கிறது. ‘தம்பிகிட்ட இருக்கு’ என்று அவர் மூன்று நொடியில் தட்டிவிடலாம். அதற்கு யோசிக்க வேண்டாம், கூச்சப்பட வேண்டாம், வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு முறை பதில் வந்துவிட்டால் பேச்சு மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

தேதி முடிவதைச் சொல்வதும் நியாயமான காரணம். அது உண்மை, கொட்டேஷனிலேயே அச்சாகியிருக்கிறது. பேங்க் ஃபைலுக்குத் தேதி முடிந்த கொட்டேஷன் உதவாது என்பதால், புதுத் தேதி போட்டுத் தருகிறேன் என்பது அவருக்கு உண்மையான உபகாரம்.

டெஸ்ட் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மெசேஜின் உயிர் அதில்தான் இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் எல்லா மெஷினும் நிற்கும். காற்று லைனைத் திறந்தே வைத்து, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட வேண்டும். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும் கசிவால் அழுத்தம் மெல்ல இறங்கும், கம்ப்ரசர் தானே ஓடும், நிரப்பிவிட்டு நிற்கும், மறுபடி ஓடும். எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் நான்கைந்து முறை குறித்துக்கொண்டு சராசரி எடுக்க வேண்டும். ஓடிய நேரத்தை, ஓடியதும் நின்றதும் சேர்ந்த மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவின் அளவு கிடைக்கும். ஒன்றரை நிமிடம் ஓடி நாலரை நிமிடம் நின்றால், ஆறில் ஒன்றரை, அதாவது 25 சதவீதம். கம்ப்ரசர் தரும் காற்றில் கால் பங்கு ஓட்டை வழியே போகிறது என்று அர்த்தம். நன்றாகப் பராமரிக்கும் பட்டறையில் இது 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

‘கசிவை அடைத்தாலே போதும் என்று தெரிந்துவிட்டால் ஆர்டர் போய்விடுமே’ என்று விற்பவர் பயப்படலாம். அப்படி 25, 30 சதவீதம் வந்தால் முதலில் கசிவை அடைக்கச் சொல்வதுதான் நேர்மை என்பது என் உறுதியான கருத்து. அடைத்த பிறகும் பிரஷர் இறங்கினால் அவர் வேறு யாரையும் கூப்பிட மாட்டார். இறங்கவில்லை என்றால், வாங்கியிருந்தாலும் ஆறே மாதத்தில் “தேவையில்லாததைத் தலையில் கட்டிட்டாங்க” என்று சொல்லியிருப்பார். ஒரே எஸ்டேட்டில் ஒருவருக்கொருவர் மாமன் மச்சானாக இருக்கும் ஊரில் அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிச்சன் போடுபவரோ கேட்டரிங் எடுப்பவரோ இதே இடத்தில் வேறொன்றை வைப்பார்கள். எதை வைத்தாலும், ஆர்டர் தராவிட்டாலும் அவருக்குப் பயன்படுவதாக அது இருக்க வேண்டும். ‘எங்கள் நிறுவனக் கையேடு இணைத்துள்ளேன்’ என்பது அதில் சேராது.

போனில்

மெசேஜுக்குப் பதில் வரவில்லை என்றால் ஓரிரு நாள் கழித்துக் கூப்பிடலாம். நம் உதாரணத்தில் 20-ஆம் தேதியைத் தவிர்ப்பது நல்லது. மாதா மாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 3பி படிவத்தின் கடைசி நாள் அது. கணக்குப் பார்ப்பவர், ஆடிட்டர் ஆபீஸ், முதலாளி எல்லோரும் அன்று ஒரே பரபரப்பில் இருப்பார்கள். 21-ஆம் தேதி புதன்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் கூப்பிடலாம். ஷிஃப்ட் ஆரம்பித்து ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து முடித்து, டீ வரும் நேரம்.

“வணக்கம்ங்க சார், ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?”

“சொல்லுங்க தம்பி. மெசேஜ் பாத்தனுங்க, பதில் போட நேரமில்லீங்க. அந்த டெஸ்டு நேத்து பண்ணிப் பாத்தமுங்க. பதினாலு வந்துச்சு.”

“பதினாலுன்னா ரெண்டு மூணு இடத்துல கப்ளிங் மாத்தினா சரியாயிடுங்க. ஆனா மதியம் பிரஷர் இறங்கறது அதனால மட்டும் இல்லைங்க. சரிங்க, கொட்டேஷன் இப்ப எங்க நிக்குதுங்க?”

“மெஷின் வேண்டாம்னு இல்லீங்க தம்பி. எலக்ட்ரீசியன் லோடு பத்தாதுங்கறான். ஈ.பி.ல எழுதிக் குடுக்கணும், பணம் கட்டணும், எப்ப ஆகும்னு தெரியல. அதான் அப்படியே கெடக்குது.”

இரண்டு வார மௌனத்துக்குக் காரணம் இதுதான். விலை அல்ல, போட்டி நிறுவனம் அல்ல, விற்பவர் மேல் மனக்குறையும் அல்ல. விற்பவர் ஒரு முறைகூடப் பார்த்திராத எலக்ட்ரீசியன் சொன்ன ஒரு வார்த்தை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பட்டறைக்கு அனுமதிக்கப்பட்ட மின் பளு 60 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இணைந்திருப்பது 54. புதுக் கம்ப்ரசர் 15 ஹெச்.பி., அதாவது சுமார் 11 கிலோவாட். கூட்டினால் 65. அனுமதியைத் தாண்டுகிறது. எலக்ட்ரீசியன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பழைய 10 ஹெச்.பி. கம்ப்ரசரைக் கழற்றப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. கொட்டேஷனில் அது எங்கேயும் எழுதப்படவில்லை. அது சுமார் ஏழரை கிலோவாட். 54-இல் ஏழரை போனால் 46.5. அதோடு 11 சேர்ந்தால் 57.5. அறுபதுக்குள் அடங்கிவிடுகிறது.

விற்பவர் இந்த இடத்தில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. “அய்யய்யோ, எலக்ட்ரீசியனுக்குத் தெரியலைங்க” என்று சொல்லிவிடக்கூடாது. அந்த எலக்ட்ரீசியன் அந்தப் பட்டறைக்குப் பல வருடமாக வருகிறவராக இருப்பார். “அவர் சொல்றது சரிதானுங்க. பழசைக் கழட்டறதை நான் எழுதாம விட்டுட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் அவர்கிட்டயே பேசிடறேன்” என்றால் போதும். முதலாளியின் அனுமதியோடு எலக்ட்ரீசியனிடம் பேச வேண்டும். கிளம்பும்போது கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று அவர் கேட்பார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மெஷினோடு வருகிறது என்று சொல்ல வேண்டும். முதலாளி பழைய கம்ப்ரசரை ஸ்டாண்ட்பையாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், அதையும் இணைந்த பளுவில் சேர்ப்பார்களா என்பதை அவர்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாக்குக் கொடுக்க வேண்டும். அன்று மாலையே திருத்திய கொட்டேஷன் போக வேண்டும். அதே விலை, புதுத் தேதி, கீழே ஒரு வரி: ‘தற்போதுள்ள 10 ஹெச்.பி. கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பொருத்தப்படும். இணைந்த பளு 57.5 கிலோவாட்.’ அந்த ஒரு வரியை வைத்து முதலாளி தம்பிக்கும் எலக்ட்ரீசியனுக்கும் பதில் சொல்லிவிடுவார்.

போனை வைக்கும் முன் அடுத்த நாளைக் குறிக்க வேண்டும். அதை விற்பவர் சொல்லக்கூடாது, கேட்க வேண்டும். “எலக்ட்ரீசியன்கிட்ட நாளைக்குப் பேசிடறேனுங்க. அதுக்கப்புறம் உங்களை எப்பக் கூப்பிடட்டுங்க?” என்றால், “வெள்ளிக்கிழமை சாயந்திரம் கூப்பிடுங்க” என்று அவர் வாயாலேயே வரும். அவர் சொன்ன நாளில் கூப்பிட்டால் அது தொந்தரவாகாது.

முதல் சந்திப்பிலேயே இதைச் செய்திருக்கலாம் என்பதும் உண்மை. கொட்டேஷன் கொடுக்கும்போதே “இதை யாரெல்லாம் பார்க்கணுமுங்க, நான் எப்பக் கூப்பிடட்டுங்க” என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் எலக்ட்ரீசியன் பெயர் அன்றைக்கே வந்திருக்கும்.

விலையில் கை வைப்பது

பதில் வராத பதட்டத்தில் பலர் செய்வது, கேட்காமலே விலையைக் குறைப்பது. 14-ஆம் நாள், “சார், உங்களுக்காக ஸ்பெஷலா 3,20,000-க்குத் தர்றேன்” என்று ஒரு மெசேஜ். மேலே சொன்ன பட்டறைக்கு இது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? லோடு பிரச்சினை அப்படியே இருக்கும். இருபதாயிரம் குறைந்ததால் மின் பளு ஒரு கிலோவாட்கூடக் குறையாது. அதோடு முதலாளிக்குப் புதிதாக ஒன்று தெரிந்துவிடும்: பேசாமல் இருந்தால் விலை இறங்கும். அடுத்த இரண்டு வாரமும் அவர் பேசாமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். முதலில் சொன்ன 3,40,000 ஏற்றிச் சொன்ன விலை என்ற எண்ணமும் வந்துவிடும். அதன்பிறகு எந்த விலை சொன்னாலும் நம்பிக்கை வராது.

விலைதான் தடை என்று அவரே சொன்ன பிறகு பேசுவது வேறு. அப்போதும் குறைத்தால் பதிலுக்கு ஒன்று மாற வேண்டும். முழுப் பணமும் முன்னதாக, அல்லது பைப் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வது, அல்லது டிரையரைப் பின்னால் வாங்கிக்கொள்வது. எதுவும் மாறாமல் விலை மட்டும் மாறினால் முதல் விலை பொய் என்றுதான் ஆகும்.

‘நாளை முதல் விலை ஏறுகிறது’ என்ற மிரட்டலும் இதே வகை. கம்பெனி உண்மையிலேயே விலையேற்றச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் அதைக் காட்டிச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இல்லாத ஏற்றத்தைச் சொல்லிவிட்டு ஒரு மாதம் கழித்து அதே விலைக்கு விற்றால், அந்த ஆளிடம் மறுபடி எந்தத் தேதியும் செல்லாது.

ஒரே நாளில் மூன்று மிஸ்டு கால் கொடுப்பதும், முதலாளி எடுக்கவில்லை என்று அவர் தம்பிக்கு நேராகப் போன் போடுவதும் இருக்கிற உறவையும் கெடுக்கும். ஒரு முறை கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால், எதற்குக் கூப்பிட்டேன் என்று இரண்டு வரி எழுதிவிட்டு இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவது நல்லது.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது

எல்லா மௌனத்துக்குப் பின்னாலும் ஒரு எலக்ட்ரீசியன் இருப்பதில்லை. சில கொட்டேஷன்கள் வாங்கும் எண்ணமே இல்லாமல் கேட்கப்பட்டவை. ஏற்கெனவே ஒருவரை முடிவு செய்துவிட்டு, மூன்று கொட்டேஷன் வேண்டும் என்ற விதிக்காக மற்ற இரண்டையும் வாங்கி வைப்பார்கள். அல்லது பழக்கமான சப்ளையரிடம் விலை குறைக்கச் சொல்ல ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கும். இப்படிப்பட்டவரிடம் மாதக்கணக்கில் அலைவது வீண்.

பேச்சிலேயே அடையாளம் தெரியும். வாங்கப்போகிறவர் சில்லறைக் கேள்வி கேட்பார். மெஷினை வைக்க எவ்வளவு இடம் வேண்டும், சத்தம் எவ்வளவு வரும், ஆயில் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றணும், சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவார் என்பார். மனதுக்குள் அந்த மெஷினை ஏற்கெனவே இறக்கி வைத்துப் பார்த்தவருக்குத்தான் இந்தக் கேள்விகள் வரும். வாங்காதவருக்கு விலை ஒன்றுதான் வேண்டும். அதுவும் லெட்டர்ஹெட்டில், உடனே. கேள்வியே இருக்காது.

இன்னொரு சோதனையும் உண்டு, நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன். அவரிடமிருந்து ஒரு சின்ன வேலையைக் கேட்பது. “மெஷின் வைக்கப்போற இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சார், கதவு அகலம் போதுமான்னு பாத்துக்கறேன்.” அல்லது “கடைசி ஈ.பி. பில் ஒண்ணு அனுப்புனீங்கன்னா லோடு பாத்துச் சொல்லிடறேன்.” ஒரு நிமிட வேலை. வாங்க நினைப்பவர் அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுவார், அல்லது சூப்பர்வைசரை அனுப்பச் சொல்வார். இரண்டு முறை கேட்டும் வரவில்லை என்றால், “கண்டிப்பா பண்ணலாமுங்க, சொல்றனுங்க” என்று எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அந்த ஆர்டர் இப்போதைக்கு இல்லை.

அப்படியென்றால் ஐந்தாவது வாரத்தில் ஒரு கடைசி மெசேஜ் எழுதி நிறுத்திவிட வேண்டும். இதைப் பலர் எழுதுவதில்லை. சும்மா விட்டுவிடுகிறார்கள், அல்லது கோபத்தோடு எழுதுகிறார்கள். இப்படி எழுதலாம்:

“வணக்கம்ங்க சார். கம்ப்ரசர் விஷயத்துக்கு இப்போதைக்கு அவசரம் இல்லைன்னு நினைக்கிறேன். அதனால இனி நானா கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணலைங்க. வேற இடத்துல எடுத்திருந்தாலும் தாராளமா சொல்லுங்க, தப்பா நினைக்க மாட்டேன். பழைய கம்ப்ரசருக்கு ஆயில், வால்வு ஏதாச்சும் தேவைப்பட்டா ஒரு போன் போடுங்க.”

‘வேண்டாம்’ என்று சொல்லக் கூசுகிறவருக்கு இது வாசலைத் திறந்து வைக்கிறது. அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர் இதற்குப் பதில் போடுவதுண்டு. “இல்லீங்க தம்பி, வேண்டாம்னு இல்லீங்க, ஆடிட்டர் ஏப்ரலுக்கு மேல பாக்கலாம்னாரு” என்று காரணம் வெளியே வரும். அல்லது வேறு இடத்தில் வாங்கிவிட்டதாகச் சொல்வார். அப்போது வாதாடாமல், “நல்லதுங்க சார், எதைப் பாத்து அவங்ககிட்ட எடுத்தீங்கன்னு மட்டும் சொன்னீங்கன்னா எனக்கு உதவியா இருக்குமுங்க” என்று கேட்டுக்கொள்ளலாம். சொல்லும் பதிலை நோட்டில் குறித்து வைக்க வேண்டும். பத்துப் பேர் பதிலைச் சேர்த்துப் படித்தால் தன் கொட்டேஷனில் எங்கே ஆட்கள் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஆடிட்டர் ஏப்ரல் என்று சொன்னவரின் பெயருக்கு நேரே ‘ஏப்ரல் முதல் வாரம்’ என்று எழுதி வைக்க வேண்டும். புது நிதியாண்டு பிறந்துவிடும், அப்போது வாங்கி ஓட்ட ஆரம்பித்தால் அந்த வருடத்துக்கு முழுத் தேய்மானமும் கிடைக்கும். கோவையில் வெயிலும் ஏறியிருக்கும், தகரக் கூரைக்குக் கீழே பழைய பிஸ்டன் கம்ப்ரசர் சூட்டில் இன்னும் திணறும். ஜனவரியில் மதியம் மட்டும் அடித்த அலாரம் காலை பத்து மணிக்கே அடிக்க ஆரம்பித்திருக்கலாம். “இப்ப பிரஷர் எப்படி இருக்குதுங்க சார்?” என்று ஒரு வரி எழுத அதுதான் நேரம்.